ஆறு மணி நேரக் கோளாறு, ஒப்பந்தக் கணக்கில் பூஜ்ஜியம்

கேள்வி: வாடிக்கையாளர்களோடு போட்ட ஒப்பந்தத்திலேயே, சேவை 99.5% நேரம் இயங்கும் என்று உறுதி தரும் எஸ்எல்ஏ இருக்கிறது. அப்புறம் எஸ்எல்ஐ, எஸ்எல்ஓ, எரர் பட்ஜெட் என்றெல்லாம் தனியாக எதற்கு? எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. எனக்கு இது உறைத்தது ஒரே மாதத்தில் வந்த இரண்டு கோளாறுகளால்தான். அவற்றையே சொல்கிறேன்.

எங்கள் குழு கவனித்துவந்தது, விலைப்பட்டியல்களைப் பெற்றுச் சேமிக்கும் ஓர் ஏபிஐ. 30 நாளில் ஏறக்குறைய ஒரு கோடி கோரிக்கைகள் வரும். கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரின் பதிவுகளிலிருந்து ஒரே ஒரு விகிதத்தை எடுத்தோம்: வந்த கோரிக்கைகளில் எத்தனை, சர்வர் பக்கத் தவறைக் குறிக்கும் 500 வரிசைப் பிழை இல்லாமல் 800 மில்லிசெகண்டுக்குள் பதில் பெற்றன? அந்த விகிதம்தான் எஸ்எல்ஐ. கடந்த 30 நாள் கணக்கில் அது 99.9 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எங்களுக்குள் வைத்துக்கொண்ட இலக்கு எஸ்எல்ஓ. மிச்சமிருக்கும் 0.1%, அதாவது பத்தாயிரம் கோரிக்கைகள், எரர் பட்ஜெட். இந்தப் பத்தாயிரம் கெட்டுப்போகலாம், அதற்காக யாரும் யார் மேலும் பாய மாட்டார்கள் என்று எங்கள் குழுவும் தயாரிப்பு மேலாளரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அளவு அது.

முதல் கோளாறு நள்ளிரவு தாண்டி, மூன்று மணிக்கு. தரவுத்தளத்தின் டிஸ்க் நிறைந்து, 40 நிமிடம் எதுவுமே வேலை செய்யவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து, கை நடுங்க, பழைய பதிவுகளை அழித்து மீட்டேன். அந்த நேரத்தில் மணிக்கு 2,000 கோரிக்கைகள்தான் வரும் என்பதால் தோற்றவை சுமார் 1,300. வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை.

இரண்டாவது, அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் போன புதிய வெளியீட்டில் ஒரு பிழை. இணைப்புக் கோப்போடு வரும் கோரிக்கைகள் மட்டும் தோற்றன. மொத்தத்தில் 4%. உச்ச நேரம், மணிக்கு 25,000 கோரிக்கைகள். எங்கள் எச்சரிக்கை மணியோ பிழை 5 சதவீதத்தைத் தாண்டினால்தான் அடிக்கும். ஆறு மணி நேரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்திய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் 6,000 கோரிக்கைகள் போய்விட்டன.

இப்போது ஒப்பந்தத்தைத் திறந்து பார்ப்போம். அதில் "செயலிழப்பு" என்பதற்கு ஒரு வரையறை இருந்தது: ஒரு நிமிடத்தில் வரும் கோரிக்கைகளில் பாதிக்கு மேல் தோற்றால் அந்த நிமிடம் செயலிழந்த நிமிடம். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள்; 99.5% என்றால் 216 நிமிடம் வரை செயலிழக்கலாம். இரவுக் கோளாறு அதில் 40 நிமிடத்தைத் தின்றது. செவ்வாய்க்கிழமையின் ஆறு மணி நேரத்துக்குக் கணக்கு என்ன தெரியுமா? பூஜ்ஜியம். நூற்றில் நான்கு தோற்பது பாதியைத் தொடவே தொடாது. சட்டப்படி அன்று எங்கள் சேவை பழுதின்றி ஓடியது.

எரர் பட்ஜெட்டில் பார்த்தால் கதை தலைகீழ். இரவில் போனது 13%, செவ்வாய்க்கிழமை போனது 60%. வாடிக்கையாளர்களின் கோபமும் இந்த விகிதத்தில்தான் இருந்தது. எஸ்எல்ஏ பொய் சொல்கிறது என்று இதற்குப் பொருளில்லை. எப்போது பணம் திருப்பித் தர வேண்டும் என்ற கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டது அது. எங்கள் ஒப்பந்தத்தில் அளவு மீறினால் மாதக் கட்டணத்தில் 10% கழிவு. அதையும் வாடிக்கையாளரே 30 நாளுக்குள் கேட்டு வாங்க வேண்டும். முன்னறிவித்த பராமரிப்பு நேரம் கணக்கில் வராது. இப்படிப்பட்ட விதிகளை வழக்கறிஞர்களும் விற்பனைப் பிரிவும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். தகராறு வந்தால் இரு தரப்பும் ஒரே விடைக்கு வர வேண்டும் என்பது அவர்கள் கவலை, அது நியாயமும்கூட. ஆனால் அதை வைத்து நாளைக் காலை ஒரு வெளியீட்டை அனுப்பலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்க முடியாது. அது மீறப்படும் நேரத்தில் எல்லாம் கைமீறிப் போயிருக்கும்.

பட்ஜெட்டால் முடிவெடுக்க முடிந்தது. வழக்கமான சில்லறைப் பிழைகளையும் சேர்த்தால் பத்தாயிரத்தில் சுமார் 8,800 செலவாகியிருந்தது. 75% செலவானால் திருத்தங்கள் மட்டுமே வெளியாகும், புதிய வசதிகள் காத்திருக்கும் என்பது நாங்கள் எழுதி வைத்திருந்த விதி. அந்தச் செவ்வாய்க்கிழமை 30 நாள் சாளரத்தை விட்டு வெளியேறும்வரை அப்படியே இருந்தோம். மேலாளர் முகம் சுளித்தார், ஆனால் வாதம் நடக்கவில்லை. எண்ணைப் பார்த்தார், போய்விட்டார். விதியைக் கோளாறுக்குப் பிறகு எழுத உட்கார்ந்திருந்தால் அது சண்டையாகத்தான் முடிந்திருக்கும். ஒப்பந்தக் கணக்கோ ஒன்றாம் தேதி பிறந்ததும் துடைத்துவிட்ட பலகையாகிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

எச்சரிக்கை மணியையும் மாற்றினோம். பிழை எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்குப் பதிலாக, பட்ஜெட் எத்தனை மடங்கு வேகத்தில் எரிகிறது என்று பார்க்க ஆரம்பித்தோம்:

```
burn rate = error rate / (1 - SLO)
0.04 / 0.001 = 40
```

ஒரு மடங்கு என்றால் பட்ஜெட் சரியாக 30 நாளில் தீரும். கடந்த ஒரு மணி நேரச் சராசரி 14.4 மடங்கைத் தாண்டினால் இப்போது மணி அடிக்கிறது. அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்தில் 30 நாள் பட்ஜெட்டின் 2% கரையும். செவ்வாய்க்கிழமைக் கோளாறு 40 மடங்கு. அன்று இந்த மணி இருந்திருந்தால் சுமார் 22 நிமிடத்தில் அடித்திருக்கும். 6,000 அல்ல, 400-க்கும் குறைவான கோரிக்கைகளே தோற்ற நிலையில் நாங்கள் விழித்திருப்போம்.

ஒரு சமயம் எங்கள் விற்பனை மேலாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "99.9 தாண்டித்தானே இருக்கிறீர்கள், ஒப்பந்தத்திலும் அதையே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று மன்றாடினேன். உள் இலக்குக்கும் ஒப்பந்த எண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் தவறைக் கண்டு திருத்த எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். இரண்டும் ஒரே எண்ணானால் இலக்கு தவறும் நாளே பணம் கொடுக்கும் நாள். பிறகு பயந்துகொண்டு யாரும் எதையும் வெளியிட மாட்டார்கள்.

எஸ்எல்ஐயையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 400 வரிசைப் பிழைகளை வாடிக்கையாளரின் தவறு என்று நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருமுறை எங்கள் சரிபார்ப்பு நிரலே பழுதாகி, முறையாக வந்த விலைப்பட்டியல்களை 400 என்று திருப்பி அனுப்பியது. வரைபடம் முழுக்கப் பச்சை. இப்போது திடீரென்று 400 கூடினாலும் தனியாக ஒரு மணி அடிக்கும்.

உங்கள் ஒப்பந்தத்தில் 99.5% என்ற எண்ணைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதற்குக் கீழே "செயலிழப்பு" என்பதற்கு என்ன வரையறை எழுதியிருக்கிறது, எதை விலக்கியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, கடைசியாக வாடிக்கையாளர்கள் கத்திய நாளை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.