ஒரு மீசான் கல்லும் மூன்று தேதிகளும்

அன்புள்ள ஐயா,

என் வாப்பாவின் பாட்டனார் கபுர் கீழக்கரையில் இருக்கிறது. பழைய மீசான் கல் உடைந்ததால் கிரானைட் பலகை வைத்தோம். அதில் ‘பிறப்பு 1861, இறப்பு 21-1-1927’ என்று இருக்கிறது. இறப்புப் பதிவேட்டு நகலிலோ 20-1-1927. உடைந்த கல்லின் போட்டோவில் ‘ரஜப் 17, வெள்ளி இரவு, ஹிஜ்ரி 1345, வயது 66’ என்று தெரிகிறது. மச்சான் அதை 1340 என்று படிக்கிறார். கடைக் கணக்கு நோட்டில் ‘அட்சய வருஷம் தை மாதம்’ வஃபாத் ஆனதாக ஒரு வரி உண்டு. எதை நம்புவது?
— ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பழைய கல்லைத்தான் முதலில் நம்புவேன். உங்களிடம் இருக்கும் நான்கில் ஆளை அடக்கம் செய்த காலத்துக்கு ஆக அருகில் இருப்பவை கல்லும் பதிவேடும் கணக்கு நோட்டும். கிரானைட் பலகை அவற்றுக்கெல்லாம் பிள்ளை. பழைய கல்லை யாரோ படித்து, ஆங்கிலத் தேதிக்கு மாற்றி, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தப்புகள் நுழைந்தது அந்தச் சீட்டில்.

20-ஆ 21-ஆ என்பதை எடுத்துக்கொள்வோம். ஹிஜ்ரி நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை, மகரிபோடு பிறக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளி இரவு என்றால் அது வியாழன் பொழுது சாய்ந்த பிறகு வரும் இரவு. கணக்குமுறைப்படி ஹிஜ்ரி 1345 ரஜப் முதல் பிறை 1927 ஜனவரி 5, புதன்கிழமை. பதினேழாம் பிறை அப்படியானால் ஜனவரி 21, வெள்ளி. ஆனால் அந்தப் பிறை தொடங்கியது 20ஆம் தேதி, வியாழன் மாலையிலேயே. உங்கள் பூட்டனார் மகரிபுக்குப் பின், நள்ளிரவுக்கு முன் மவுத்தாகியிருந்தால் கல்லில் ரஜப் 17 என்றும் சர்க்கார் பதிவேட்டில் 20 என்றும் விழும். இரண்டும் ஒரே இரவுதான். பலகைக்குச் சீட்டு எழுதியவர் காலண்டரில் ரஜப் 17க்கு நேரே இருந்த 21ஐ அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். ‘இரவு’ என்று கல்லில் இருந்ததைக் கவனிக்கவில்லை. பதிவேட்டு நகலில் இறந்த தேதி, பதிந்த தேதி என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தால் 20 எதில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இறந்த தேதியில்தான் இருக்குமென்று நினைக்கிறேன், சம்பவத்துக்கு முன்னால் யாரும் பதிய மாட்டார்கள் அல்லவா.

(ராத்திரிச் சாவுகளில் இது ஹிஜ்ரிக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. 1964 டிசம்பர் 22 இரவும் 23 விடிகாலையுமாகத் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. அதில் போனவர்களுக்கு ஒரு வீட்டில் 22, அடுத்த வீட்டில் 23 என்று இருந்தால் யாரைத் தவறு என்பது?)

1861தான் பலகையின் உண்மையான பிழை. 1927இலிருந்து 66ஐக் கழித்தால் 1861 வரும், ஆனால் அந்த 66 ஆங்கில வருஷங்கள் அல்ல. ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள். வருஷத்துக்குப் பதினொரு நாள் குறைகிறது. அறுபத்தாறு வருஷத்தில் இந்தக் குறை ஏறக்குறைய இரண்டு ஆண்டாகிவிடும். கல்லில் 66 என்றால் ஆங்கிலக் கணக்கில் 64. கழித்தலை ஹிஜ்ரிக்குள்ளேயே செய்துவிட்டுப் பிறகு மாற்றுவதுதான் சரியான வழி. 1345இல் 66 போக 1279. ஹிஜ்ரி 1279 என்பது 1862 ஜூன் கடைசியிலிருந்து 1863 ஜூன் நடு வரை. 66 நிறைந்த வயதாக இல்லாமல் நடப்பு வயதாக இருந்தால் இன்னும் ஒரு வருஷம் இந்தப் பக்கம் நகரும், அதாவது 1864 ஜூன் தொடக்கம் வரை. எப்படிப் பார்த்தாலும் 1861க்கு இடமில்லை.

இதற்குமேல் துல்லியம் கேட்காதீர்கள். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டமே 1899இல்தான் வந்தது. அவர் பிறந்த நாளை எழுதிவைத்த காகிதம் வீட்டில் கிடைத்தாலொழிய, கல்லிலுள்ள வயதுதான் ஆதாரம். அந்த வயதும் அடக்கத்தன்று பிள்ளைகள் சொன்னது. 60, 70, 75 என்று முழுசாக நிற்கும் வயதைவிட 66 கொஞ்சம் நம்பிக்கை தருகிறது, யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் மச்சான் படித்த 1340க்கு வருகிறேன். அரபு எண்ணில் ஐந்து ஒரு சிறு வட்டம். நமக்குப் பழகிய பூஜ்ஜியம் மாதிரியே இருக்கும். அரபு எண்ணின் பூஜ்ஜியமோ வெறும் புள்ளி. கடலோரத்தில் கல்லுக்குள் உப்பு ஊறிக் காய்ந்து காய்ந்து மேல்தோல் பொரிந்து உதிர்வதால் முதலில் காணாமல் போவது இந்தப் புள்ளிதான். வட்டம் தெரிகிறது என்றால் அது ஐந்து. சந்தேகம் இருந்தால் இருட்டிய பிறகு கல்லின் பக்கவாட்டில் டார்ச்சைத் தாழப் பிடித்து அடியுங்கள், தேய்ந்த வெட்டும் நிழல் காட்டும். கம்பி பிரஷ், ஆசிட், சாக்பீஸ் எதுவும் வேண்டாம். இன்றைக்குப் படித்துவிடலாம், அடுத்தவன் படிக்கக் கல் மிஞ்சாது.

இப்படித் திணறும்போது வழக்கமாகக் கிழமையை வைத்துச் சோதிப்போம். பிறை பார்ப்பதில் ஊருக்கு ஊர் ஒரு நாள் முன்பின் ஆகும், அதனால் கணக்கும் கல்லும் ஒரு கிழமை விலகினால் பிழை என்று சொல்ல முடியாது. இரண்டு, மூன்று கிழமை விலகினால் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறோம். 1335 என்று யாராவது படித்திருந்தால் ரஜப் 17 புதனில் விழுந்து, உடனே அடிபட்டுப் போகும். ஆனால் 1340இல் அது 1922 மார்ச் 16, வியாழன். ஒரே ஒரு நாள் விலகல், கிழமையால் தள்ள முடியவில்லை. இந்த இடத்தில் உதவுவது கடைக் கணக்கு. 1922 மார்ச் துன்மதி வருஷத்தில் வருகிறது, தையும் இல்லை. 1927 ஜனவரி 20 அட்சய வருஷத்துத் தை. ஹிஜ்ரி தெரியாத ஒரு கணக்குப்பிள்ளை எழுதிய வரியாகக்கூட அது இருக்கலாம், அதனால்தான் அதற்கு மதிப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: அட்சயவுக்கு நேரே பஞ்சாங்கப் பட்டியலில் 1926 என்று மட்டும் போட்டிருக்கும். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் பெரும்பாலும் அடுத்த ஆங்கில வருஷத்தில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் 1926 என்று நான்காவது தேதி கொண்டுவராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையை மாற்றுவதென்றால் இப்படி எழுதலாம்: ‘வஃபாத்: ஹிஜ்ரி 1345 ரஜப் பிறை 17, வெள்ளி இரவு (20-1-1927 வியாழன் இரவு). வயது 66, ஹிஜ்ரி கணக்கில்.’ பிறந்த வருஷத்தைப் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் ‘சுமார் 1863’. கல் வெட்டுபவரிடம் கையெழுத்துச் சீட்டைக் கொடுக்காமல் டைப் செய்து கொடுங்கள், நம் 1ம் 7ம் அவர் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். வெட்டுவதற்கு முன் ஸ்டிக்கர் ஒட்டிய நிலையில் போய் ஒருமுறை வாசித்துவிடுங்கள். உடைந்த கல்லை மையவாடிக்கு வெளியே எறிந்துவிடாமல் ஜமாஅத்தில் கேட்டுப் புதுப் பலகையின் பின்னாலேயே சாய்த்துவைக்க முடியுமா என்று பாருங்கள்.