உப்பின பாக்கெட்ல எது காத்து, எது கெட்டது?

கேள்வி: டாக்டர், வேக்யூம் பேக் இறைச்சி ஃப்ரிட்ஜ்ல பலூன் மாதிரி உப்பியிருந்துச்சு. வாசனை சரியாத்தான் இருந்துச்சுன்னு நேத்து ராத்திரி சமைச்சு சாப்பிட்டுட்டோம். இப்போ நெட்ல பொட்டுலிசம்னு போட்டு பயமுறுத்துது. தயிர் கப் மூடியும், சிப்ஸ் பாக்கெட்டும்கூட உப்பியிருக்கு. பயத்துல வீட்ல கிடந்த ஆன்டிபயாடிக் ஒண்ணு போட்டுக்கிட்டேன்.

பதில்: மொதல்ல அந்த மாத்திரைய நிறுத்துங்க. பொட்டுலிசம்ங்கிற தசை தளர்ந்துபோற நோய் வர்றது ஒரு கிருமி சாப்பாட்டுல ஏற்கனவே விட்டுட்ட விஷத்தால, அதுகிட்ட ஆன்டிபயாடிக் ஒண்ணும் செய்யாது.

சிப்ஸ் பத்தி கவலையே வேண்டாம், எண்ணெய் காறாம இருக்கவும் சிப்ஸ் நொறுங்காம இருக்கவும் கம்பெனிக்காரங்களே நைட்ரஜன் அடைச்சு அனுப்புறாங்க, மலை ஏறினா வெளிய காத்தழுத்தம் குறைஞ்சு இன்னும் உப்பும், அவ்வளவுதான். தயிர் மூடி உப்பறது பெரும்பாலும் ஈஸ்ட் வேலை. தயிர் புளிப்புல பொட்டுலிசம் கிருமி வளராது, ஆனா உப்பிடுச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், ருசி பாக்காம கொட்டிடுங்க.

இறைச்சி கதை வேற. வேக்யூம் பேக்ல காத்தை உறிஞ்சி எடுத்துட்டுத்தான் சீல் பண்றாங்க, வாங்கும்போது பிளாஸ்டிக் கறியோட ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். அது நாலு நாள் கழிச்சு உப்புதுன்னா அந்த காத்து உள்ளருந்துதான் வந்திருக்கணும், அதாவது கிருமி பெருகி வாயு விட்டிருக்கு. ஃப்ரிட்ஜ் குளிர்லயே வளர்ந்து பாக்கெட்டை ஊத வைக்கிற கிருமிங்க இருக்கு. (டிரேல வாயு அடைச்சு விக்கிற இறைச்சி கடையிலயே லேசா மேடா இருக்கும், அது வேற. வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சு, இப்போ எப்படி மாறியிருக்குன்னுதான் பாக்கணும்.) வாசனை சரியா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் எனக்கு கோவம் வருது, பொட்டுலிசம் விஷத்துக்கு வாசனையும் கிடையாது ருசியும் கிடையாது.

உங்க விஷயத்துல நல்லது என்னன்னா நீங்க சமைச்சுட்டீங்க. உள்பக்கம் வரைக்கும் 85 டிகிரி சூடு 5 நிமிஷம் இருந்தாலே அந்த விஷம் செத்துடும், நல்லா கொதிச்ச குழம்புன்னா ஆபத்து ரொம்ப கம்மி. நடுவுல அரைவேக்காடா சாப்பிட்டிருந்தா அந்த தைரியம் கிடையாது. சமைக்கிறதுக்கு முன்னாடி யாராவது வாயில வச்சு பாத்தாங்களா? அப்படின்னா அவங்களைத்தான் உன்னிப்பா கவனிக்கணும்.

என்ன கவனிக்கணும்னா, வயித்துவலியோ ரெண்டு தடவை பேதியோ மட்டும்னா தண்ணி நிறைய குடிங்க, ரத்தமோ காய்ச்சலோ இருந்தா டாக்டர்கிட்ட போங்க. ஆனா பாக்குறது ரெண்டு ரெண்டா தெரியுது, இமை தானா தொங்குது, பேச்சு குழறுது, எச்சில் முழுங்க முடியல, இதுல ஒண்ணு இருந்தாலும், காய்ச்சல் இல்லேன்னாலும், ஆள் நல்ல நினைவோட தெளிவா இருந்தாலும், காலைல பாத்துக்கலாம்னு படுத்துடாதீங்க, அப்பவே எமர்ஜென்சிக்கு ஓடுங்க. முகத்துல ஆரம்பிக்கிற தளர்ச்சி கீழ இறங்கி மூச்சு விடற தசை வரைக்கும் போயிடும். விஷமுறி மருந்து இருக்கு, ஆனா அது மேற்கொண்டு பரவுறதைத்தான் நிறுத்தும், ஏற்கனவே விழுந்த தசையை உடனே எழுப்பாது, அதனாலதான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பொதுவா 12லருந்து 36 மணி நேரத்துல தெரியும், சிலருக்கு சில நாள் தள்ளியும் வரும், அதனால ஒரு வாரம் கண்ணு வச்சிருங்க. அந்த பேக்கிங் இன்னும் இருந்தா கவர்ல கட்டி தனியா வைங்க, ஆஸ்பத்திரி போக வேண்டி வந்தா கையோட எடுத்துட்டுப் போங்க.