11,000 பேர், 24 சேலைகள்

கேள்வி: சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராம் மூலம் விற்கிறேன். 11,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் மாதம் 24 சேலைதான் போகிறது. மூன்று மாதத்துக்குள் 20,000 பேரைச் சேர்ப்பது என்று இலக்கு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பரிசுப் போட்டி ஒன்று நடத்தினால் அந்த 20,000 வந்துவிடும். வருபவர்கள் பரிசுக்காக வந்தவர்களாக இருப்பார்கள். இலக்கைச் சேலைக் கணக்கில் வையுங்கள். அதையும் கையில் நிற்கும் பணத்திலிருந்து தொடங்குங்கள்.

ஒரு சேலை 850 ரூபாய்க்குப் போகிறது, கொள்முதல், கூரியர், பொதி எல்லாம் சேர்த்து 600 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 250. 24 சேலைக்கு 6,000 ரூபாய். அதை 10,000 ஆக்க வேண்டுமானால் மாதம் 40 சேலை விற்க வேண்டும். “மூன்றாவது மாதத்தில் 40 சேலை” என்பதுதான் உங்கள் இலக்கு. உங்கள் உண்மையான விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

இந்த 40 எங்கிருந்து வரும் என்று தெரிய, இப்போதைய 24 எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். முதல் மாதம் எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் செய்யுங்கள். இன்ஸ்டாகிராம் முகப்பில் வாட்ஸ்அப் இணைப்பை இப்படிக் கொடுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=IG1
```

X இருக்கும் இடத்தில் உங்கள் எண். இதைத் தொட்டு வருபவரின் செய்திப் பெட்டியில் IG1 என்று தானாகவே எழுதியிருக்கும். ஃபேஸ்புக் பக்கத்துக்கு FB1 என்று இன்னொரு இணைப்பு வையுங்கள். சிலர் அதை அழித்துவிட்டு “அக்கா, விலை என்ன?” என்று தொடங்குவார்கள், அவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வரி கேட்டால் போதும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ‘விசாரிப்பு’, ‘பணம் வந்தது’ என்று இரண்டு லேபிள் போட்டு, இரவில் அன்றைய எண்ணிக்கையை நோட்டில் எழுதிவிடுங்கள். ஒருவரே ஐந்து சேலையின் படம் அனுப்பிக் கேட்டாலும் அது ஒரு விசாரிப்புதான்.

பழைய வாடிக்கையாளர்களைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். ஏற்கெனவே வாங்கியவர் விசாரித்தால் பெரும்பாலும் வாங்கிவிடுவார். அவரையும் இன்ஸ்டாகிராம் கணக்கில் சேர்த்தால், உங்கள் பதிவுகள் செய்யாத வேலையைச் செய்ததாகத் தோன்றும்.

மாத முடிவில் புதியவர்கள் 100 பேர் விசாரித்து 16 பேர் ஆளுக்கொரு சேலை வாங்கினார்கள், மீதி 8 சேலை பழையவர்களுக்குப் போனது என்று வருகிறது என்போம். புதியவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர்தான் வாங்குகிறார். பழையவர்கள் அதே 8 எடுத்தால், புதியவர்கள் 32 எடுக்க வேண்டும். ஒன்று, 200 பேர் விசாரிக்க வேண்டும். அல்லது அதே 100 பேரில் மூன்றில் ஒருவர் வாங்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

எதைத் தொடுவது என்பதை நோட்டை விட்டு உரையாடல்களைப் படித்துத்தான் முடிவு செய்ய முடியும். விலையைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறதா? அப்படியானால் பதிவில் “விலைக்கு மெசேஜ் செய்யவும்” என்று எழுதும் வழக்கத்தை விடுங்கள். விலையை மறைத்தால் விசாரிப்பு பெருகும். அதில் ஒரு பகுதி, 850 ரூபாய் என்று தெரிந்திருந்தால் வந்தே இருக்காது. விலையை எழுதிய மாதத்தில் விசாரிப்பு 100-லிருந்து 70 ஆகக் குறைந்து, விற்பனை 16-லிருந்து 20 ஆனால் அது முன்னேற்றம். விசாரிப்பை மட்டும் இலக்காக வைத்திருந்தால் அந்த மாதத்தைத் தோல்வி என்று எழுதியிருப்பீர்கள். பேச்சு நிற்பது விலையில் அல்ல, “சாயம் போகுமா?” என்ற கேள்விக்குப் பிறகு என்றால், துவைத்த சேலையைக் காட்டும் காணொளி ஒன்று போடுங்கள். ஒரு மாதத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வாரக் கணக்கை நம்ப வேண்டாம். நான்கு சேலை ஆறானது ஒரே குடும்பத்தின் விசேஷத்தால்கூட இருக்கலாம். தீபாவளி, பொங்கல் மாத விற்பனையை முந்தைய மாதத்தோடு ஒப்பிடாதீர்கள்; போன வருடத்து அதே மாதத்தின் கணக்கு இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் அதற்கும் AD1 என்று தனி இணைப்பு. 3,000 ரூபாய் செலவில் 10 சேலை விற்றால் ஒரு சேலைக்கு 300 ஆகிறது; உங்கள் மிச்சம் 250 மட்டும்தான். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் மறுபடி வாங்குகிறார்கள் என்று பழையவர்கள் பத்தியில் பார்க்கும் வரை, அடுத்த 3,000-ஐக் கட்டாதீர்கள்.