100 மீட்டரிலேயே பாதி நாள் போகாமல் இருக்க

"மார்த்தாண்டம் பக்கம் பெரிய பள்ளி. போன வருஷம் 100 மீட்டர் முடியவே மதியம் ஆகிவிட்டது. அக்டோபரில் விளையாட்டு விழா. அட்டவணை எப்படிப் போடலாம்?"

டீச்சர், ஓட்டம் 15 விநாடிதான். அடுத்த குழுவைத் தேடிப்பிடித்துக் கோட்டில் நிறுத்துவதில்தான் நேரம் போகும். ஆகவே ஒரு ஹீட்ஸுக்கு, அதாவது இறுதிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஒரு தகுதி ஓட்டத்துக்கு, 4 நிமிடம் வையுங்கள். ஒரு பிரிவில் 48 பேர், 6 தடம் என்றால் 8 ஹீட்ஸ், 32 நிமிடம். 14, 17, 19 வயதுக்குட்பட்ட ஆண், பெண் என 6 பிரிவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதனால் ஹீட்ஸை முந்தைய வாரமே விளையாட்டுப் பீரியடில் முடித்துவிடுங்கள். ஒரே ஆசிரியர் ஒரே ஸ்டாப்வாட்சில் நேரம் குறிக்கட்டும். கை மாறினால் நேரமும் மாறும். பிரிவுக்குச் சிறந்த 6 பேர் மட்டும் விழாவன்று ஓடட்டும். ஒன்றுக்கு 5 நிமிடம், மொத்தம் அரை மணி நேரம்.

அப்புறம், ஓடுகிறவர்களை 20 நிமிடம் முன்பே அழைத்து, தட வரிசையில் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் அடுத்த போட்டி தாமதம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

நீளம் தாண்டுதலில் இருக்கும் பிள்ளைக்கு ஓட்ட அழைப்பு வந்தால், அந்தச் சுற்றில் முன்கூட்டியே தாண்டவிட்டு அனுப்புங்கள். திரும்புவதற்குள் முடிந்த சுற்று போனதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், தகராறு வராது.

நம் மாவட்டத்தில் அக்டோபர் மதியங்களில் மழை வரலாம். தொடர் ஓட்டத்தைக் கடைசிக்கு வைக்காமல் 12 மணிக்குள் முடித்துவிடுங்கள். பரிசளிப்பை மண்டபத்தில்கூட வைத்துக்கொள்ளலாம்.