டிவி மாட்டும்போது சுவர் பிளக் சேர்ந்து சுற்றுகிறது

"ஈசூனில் பழைய வீவக வீடு. 30 கிலோ டிவி, வெளியே இழுக்கும் கை வைத்த பிராக்கெட். துளையிட்டால் செம்மண் தூள் வருகிறது, பாதியில் டிரில் 'சடக்'கென உள்ளே போய்விடுகிறது. திருகை முடுக்கினால் பிளக்கும் சேர்ந்து சுற்றுகிறது. பெரிய பிளக் போடலாமா?"

பெரிய பிளக் உதவாது. செந்தூளும் அந்தச் 'சடக்'கும் சேர்ந்தால் அது உள்ளீடற்ற செங்கல். சாதாரண பிளக் விரிந்து அழுத்த வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் இருக்கிறது. காங்கிரீட் என்றால் தூள் சாம்பல் நிறமாக வரும், டிரில் திணறும். அதில் 10 மிமீ நைலான் பிளக்கே போதும். இரும்பு விரிவு போல்ட்டும் அங்கேதான் சரி, உங்கள் செங்கல்லில் முடுக்கினால் கல்லே பிளந்துவிடும்.

கை நீட்டினால் பாரம் மாறும். 50 செமீ வெளியே இழுத்தால், மேல் கீழ் திருகுகளுக்கு இடையே 20 செமீ இருக்கும்போது, மேல் வரிசையைப் பிடுங்கும் விசை 30 × 50 ÷ 20, அதாவது 75 கிலோ. பிராக்கெட் எடை தனி.

அதனால் வலை உறையும் ஒட்டும் ரெசினும் வாங்குங்கள். உறை அட்டையில் உள்ள அளவுக்கே, டிரில்லின் சுத்தியல் அடியை அணைத்துவிட்டுத் துளையிடுங்கள். இல்லையேல் உள்சுவர்கள் நொறுங்கும். தூளை ஊதி எடுத்து, உறையைத் துளையில் வைத்து ரெசினால் நிரப்பி, மரையாணியைச் செருகுங்கள். அப்புறம் ரெசின் குழாயில் போட்டிருக்கும் நேரம்வரை தொடாதீர்கள். பழைய துளைகளை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

காங்கிரீட் சுவர் பக்கத்தில் இருந்தால், நான் டிவியையே அங்கே மாற்றிவிடுவேன்.