அரபு விளம்பரத்தில் 'பாவம்' படும் பாடு

கேள்வி: ஆங்கில விளம்பர வாசகத்தை அரபியில் அப்படியே மொழிபெயர்த்தால் விபரீதமாக ஒலிக்கிறது. வாசகத்தின் விளைவு மாறாமல் வேறு மொழியில் புதிதாக எழுதும் டிரான்ஸ்கிரியேஷன் வேலையைச் செய்பவர்கள் இதை எப்படிக் கையாளுகிறார்கள்?

வாசகத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அது வாசிப்பவரிடம் என்ன வேலை செய்கிறது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. துபாயில் அரபு விளம்பர வரிகள் எழுதும் குழு ஒன்றில் பணிபுரிகிறேன். எங்களிடம் வந்த ஒரு சாக்லேட் புட்டிங்கை வைத்தே விளக்குகிறேன். அதன் ஆங்கில வாசகம் 'சின்ஃபுல்லி குட்', அதாவது பாவம் என்று சொல்லத்தக்க அளவுக்குச் சுவையானது.

விளம்பர ஆங்கிலத்தில் 'பாவம்' எப்போதோ கனம் இழந்துவிட்டது. உணவுக் கட்டுப்பாட்டை மீறிவிட்டு, பாதிப் பெருமையுடன் அதை ஒப்புக்கொள்ளும் குறும்பு மட்டுமே அதில் மிஞ்சியிருக்கிறது. அரபியில் பாவத்தைக் குறிக்கும் இஸ்ம், கதீஆ போன்ற சொற்கள் குர்ஆன் ஓதும்போதும் ஜும்ஆ பிரசங்கத்திலும் ஒலிப்பவை; அவற்றின் கனம் சிறிதும் குறையவில்லை. 'லத்தா ஆஸிமா', அதாவது பாவ இன்பம், என்று எழுதினால் கள்ள உறவைச் சொல்லும் மலிவு நாவலின் தலைப்பைப் போலிருக்கும். இதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. உணவை ஹலால், ஹராம் என்று பிரித்துப் பார்க்கும் வாசகர், பாவம் என்ற சொல்லைப் புட்டிங் டப்பாவில் கண்டதும், அதில் பன்றி ஜெலட்டினோ ஆல்கஹால் கலந்த எசன்ஸோ இருக்கிறதா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக்கூடும்.

ஆகவே நாங்கள் எழுதிக்கொண்ட வரி இது: 'கட்டுப்பாட்டை மீறுவதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.' இதற்கு முதலில் தோன்றியவை எல்லாம் தேய்ந்த தடங்கள். 'தடுக்க முடியாத சுவை' என்பது அரபு விளம்பரங்களில் அடித்துத் துவைத்த தொடர். 'சாப்பிட்ட பின் விரலையும் தின்றுவிடுவாய்' என்ற பேச்சு வழக்கு அருமையானது. ஆனால் அதில் வீட்டுச் சமையலின் மணம் வீசுகிறது, கரண்டியால் அள்ளும் புட்டிங்குக்குப் பொருந்தவில்லை. 'மனச்சாட்சி உறுத்தாமல் உண்ணுங்கள்' என்றால் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்த பண்டம் என்று பொருளாகிவிடும், அது பொய். 'உங்களை நீங்களே சீராட்டிக்கொள்ளுங்கள்' என்பதில் இலக்கணம் குறுக்கிடுகிறது: ஆணிடம் 'தல்லில்', பெண்ணிடம் 'தல்லிலீ' என்று ஏவல் வினை மாறும் என்பதால், ஒன்றைத் தேர்ந்தால் வாடிக்கையாளரில் பாதிப் பேர் விலகிப்போவார்கள்.

கடைசியில் நிலைத்தது 'பஸ் மில்அகா', அதாவது 'ஒரே ஒரு கரண்டிதான்!' டயட்டில் இருப்பவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சாக்கு அது, கேட்பவர் எவரும் நம்பாத சாக்கு. வினைச்சொல்லே இல்லாததால் ஆண், பெண் பேதமும் எழவில்லை. ('பஸ்' பேச்சுச் சொல் என்பதால் இதே உத்தியை ஒரு வங்கிக்கோ மருத்துவமனைக்கோ நான் பரிந்துரைக்க மாட்டேன்.)

எனினும் அரபு என்பது ஒரே சந்தை இல்லை. வளைகுடாவிலும் சிரியா, லெபனான் பக்கத்திலும் எகிப்திலும் 'பஸ்' எல்லோருக்கும் புரியும். மொராக்கோவில் அந்த இடத்தில் 'கீர்' என்பார்கள், எனவே அந்நாட்டுக்குத் தனி வரி தேவை. உடல்நலம் என்ற பொருளில் நம்மூர் முஸ்லிம்களுக்கும் பழக்கமான ஆஃபியத் என்ற சொல் இன்னும் ஆபத்தானது. 'அல்லாஹ் உனக்கு ஆஃபியத் தரட்டும்' என்பது வளைகுடாவில் உழைப்பவரைப் பார்த்துச் சொல்லும் வாழ்த்து. மொராக்கோவின் பேச்சில் 'ஆஃபியா' என்றால் நெருப்பு, ஆகவே அதே வாக்கியம் அங்கே சாபமாகக் கேட்கும்.

வாடிக்கையாளரிடம் வரியை மட்டும் தனியாக அனுப்பக் கூடாது. இரண்டு மூன்று தெரிவுகளை, ஒவ்வொன்றின் சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருளுடனும், ஏன் இப்படி எழுதினோம் என்ற விளக்கத்துடனும் தருவது வழக்கம். விளக்கம் இல்லாவிட்டால், 'ஒரு கரண்டி மட்டும்' என்ற மறுபெயர்ப்பைப் பார்த்து, 'பாவம் எங்கே போயிற்று?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். படத்தையும் கூடவே பார்க்க வேண்டும். எங்கள் டப்பாவின் மூடியில் இரண்டு சிவப்புக் கொம்புகள் வரைந்திருந்தார்கள். வாசகத்தை மாற்றிவிட்டுக் கொம்புகளை விட்டிருந்தால் ஷைத்தான் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

சோதிக்கும்போது தாய்மொழியாளரிடம் 'இது சரியா?' என்று கேட்பது வீண், மரியாதைக்காகத் 'தவறில்லை' என்று சொல்லிவிடுவார்கள். வரியை மட்டும் காட்டி, 'இதை யார், யாரிடம் சொல்கிறார்கள்?' என்று கேட்க வேண்டும். 'என் தங்கை, ராத்திரி சமையலறையில்' என்பது போன்ற பதில் யோசிக்காமல் வந்தால் அந்த வரி அச்சுக்குப் போகலாம். பதிலுக்கு முன் 'இதன் ஆங்கிலம் என்ன?' என்று கேட்டால், உள்ளே இன்னும் மொழிபெயர்ப்பு தெரிகிறது என்று கொண்டு மறுபடி எழுத உட்கார வேண்டியதுதான்.