தோசை மாஸ்டருக்கு நான் மதிப்பீடு எழுதிய விதம்

கேள்வி: ஹெட் செஃப் ஆகி ஆறு மாசம் ஆகிறது. என் கிச்சனில் உள்ள ஒரு குக்குக்கு முதல் முறையாக அப்ரைசல் எழுத வேண்டும். ஒரே தரம், சுத்தம், வேகம், வேஸ்டேஜ் என்று நாலு கட்டம் போட்ட ஃபார்ம் கொடுத்திருக்கிறார்கள். நியாயமாக எப்படி மார்க் போடுவது?

பதில்:

நான் கோயம்புத்தூரில் ஒரு சைவ உணவகத்தில் ஹெட் செஃப். இதே நாலு கட்டம் உள்ள ஃபார்மை எங்கள் தோசை மாஸ்டருக்காக நிரப்பியதைச் சொல்கிறேன். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. என்னை விடப் பல வருஷம் மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவரைப் பற்றி என் மனதில் ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருந்தது: கை வேகம், கொஞ்சம் வேஸ்ட் பண்ணுவார். அதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் பாதிக்கு மேல் தப்பாகியிருக்கும்.

ஃபார்மைத் தொடும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு சின்னத் தராசும் உணவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரும் வைத்துக்கொண்டு தோசைக்கல் பக்கத்தில் நின்றேன். முதல் மூன்று நாள் எழுதியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. செஃப் பக்கத்தில் நின்றால் யாரும் வழக்கத்தை விட ஒழுங்காக நடந்துகொள்வார்கள். நாலாவது நாள் காலைக் கூட்டத்தில் என்னை மறந்துவிட்டார். அதற்குப் பிறகு பார்த்ததுதான் கணக்கு.

முதலில் ஒரே தரம். ருசி பார்த்து மார்க் போடுவதை நான் விட்டுவிட்டேன், ஏனென்றால் காலை ஏழு மணிக்கு என் நாக்கு இருக்கிற மாதிரி இரவு எட்டு மணிக்கு இருப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு மூன்று மசால் தோசை, சொல்லாமல் கொள்ளாமல், பரிமாறப் போகும் இடத்தில் இருந்து எடுத்து எடை போட்டேன். தோசை தனியாக, மசாலா தனியாக. எங்கள் ரெசிபி அட்டைப்படி வெந்த தோசை 90 கிராம், மசாலா 100 கிராம். காலையில் அவர் தோசை 86-இல் இருந்து 93-க்குள் நின்றது. தராசு இல்லாமல் கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி ஊற்றுவது பெரிய விஷயம். சாயங்காலமோ 105, 112 என்று வந்தது. நடுவில் தடிமன், ஓரத்தில் வெளுப்பு.

ஆள் ஒன்று, கல் ஒன்று, கரண்டி ஒன்று. மாறியது மாவு மட்டும்தான். காலை மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்கி, காற்றுக் குமிழியோடு வருகிறது. சாயங்கால மாவு கூல் ரூமில் இருந்து நேராகக் கல்லடிக்கு வருகிறது. குளிர்ந்த மாவு இறுகியிருக்கும், கலக்கும்போது குமிழியும் அடங்கிவிடும். அதனால் அதே கரண்டிக்கு எடை கூடுகிறது, கல்லில் இழுத்தாலும் பரவ மாட்டேன் என்கிறது, கல்லின் சூட்டையும் இறக்கிவிடுகிறது. மாவுப் பாத்திரத்தை எப்போது வெளியே எடுப்பது என்று எந்த அட்டையிலும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டியவன் நான். ஆக இந்தக் கட்டத்தில் ஐந்துக்கு நாலு போட்டேன். ஒன்றைக் குறைத்தது தடிமனுக்காக இல்லை. மாவு கெட்டியாக இருக்கிறது என்று கையிலேயே தெரிந்தும் தண்ணீர் விட்டுக் கலக்காமலும் என்னிடம் சொல்லாமலும் ஊற்றிக்கொண்டே போனதற்காக.

சுத்தத்தில்தான் எனக்கே அதிர்ச்சி. அவர் கல்லடி பார்க்கப் பளிச்சென்று இருக்கும். நகம் வெட்டியிருப்பார், தலையில் தொப்பி இருக்கும். இன்ஸ்பெக்ஷன் வந்தால் நான் முதலில் அழைத்துப் போய்க் காட்டுகிற இடமே அதுதான். ஆனால் பதினொரு மணிக்கு உருளைக்கிழங்கு மசாலாவில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 41 டிகிரி. வெந்தது காலை ஆறு மணிக்கு. சூடாக வைத்துப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லும் அளவு. உருளைக்கிழங்கு மண்ணில் விளைவது. அதோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேக வைத்தாலும் சாகாமல் கிடக்கும், வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைத்தால் முளைத்துப் பெருகும். வாந்தி உண்டாக்கும் அதன் நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. புளித்த மாவில் இந்தப் பயம் குறைவு, புளிப்பே அதற்குக் காவல். மசாலாவுக்கு அந்தக் காவல் கிடையாது.

பெயின் மேரி என்கிற வெந்நீர்த் தொட்டி அங்கேயேதான் இருந்தது, சுவிட்ச் அணைந்திருந்தது. நான் உடனே சத்தம் போடவில்லை, கேட்டேன்.

"ஏன் மாஸ்டர் இதை ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஓரமெல்லாம் காஞ்சு போகுது தம்பி. காஞ்ச மசாலாவ வச்சு மடிச்சா தோசை கிழியுதுங்க."

அவர் சொன்னது உண்மைதான். எட்டு கிலோ மசாலாவை அகலப் பாத்திரத்தில் மூடி இல்லாமல் வைத்தால் ஓரம் காயத்தான் செய்யும். தோசை கிழியக் கூடாது என்ற அக்கறையில்தான் அணைத்திருக்கிறார். காரணம் புரிந்தாலும் மார்க்கைக் கூட்டவில்லை. இரண்டு போட்டேன். அந்த மசாலாவைச் சாப்பிடுகிறவருக்கு அவருடைய அக்கறை தெரியாது, வயிற்று வலிதான் தெரியும். கூடவே இன்னொன்று. கல்லைத் துடைக்கும் துணியிலேயே தட்டின் விளிம்பையும் துடைத்தார், கூட்டம் நெருக்கும்போது கையையும் அதிலேயே துடைத்தார். காலி நேரத்தில் கை கழுவுகிறாரா என்று பார்ப்பதில் பயனில்லை. எட்டே முக்காலுக்கு, பத்து ஆர்டர் சீட்டு தொங்கும்போது என்ன செய்கிறார் என்பதைத்தான் எழுத வேண்டும்.

உங்கள் ஃபார்மில் நாலு கட்டத்தையும் கூட்டிச் சராசரி போடும் இடம் இருந்தால், சுத்தத்தை அதற்குள் விடாதீர்கள். நான் நிர்வாகத்திடம் பேசி அதைத் தனியாக வைத்தேன்: சுத்தத்தில் மூன்றுக்குக் கீழே வந்தால் மற்ற மூன்றும் ஐந்தாக இருந்தாலும் மதிப்பீடு முடியாது, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வேகம் என்றதும் எல்லாரும் ஒரு மணிக்கு எத்தனை தோசை என்று எண்ணுவார்கள். அதற்கு முன்னால் கல்லின் எல்லையைக் கணக்குப் போடுங்கள். எங்கள் கல்லில் ஒரே நேரத்தில் ஐந்து ஊற்றலாம். துடைத்து, ஊற்றி, முறுகி, மடித்து எடுக்க மூன்று நிமிஷம். ஆக ஒரு மணிக்கு 100 தோசை. அதற்கு மேல் எந்த மாஸ்டர் வந்தாலும் வராது. ஆர்டர் சீட்டில் அச்சாகும் நேரத்தையும் தோசை வெளியே போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். வார நாட்களில் மணிக்கு 80 ஆர்டர் வரை, ஆறேழு நிமிஷத்தில் போய்விடுகிறது. ஞாயிறு காலை ஒரு மணி நேரத்தில் 128 ஆர்டர், கடைசியில் வந்த மேஜைகள் கால் மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தன. அது அவர் தாமதம் இல்லை, இரண்டாவது கல் போடாத எங்கள் தாமதம். வேகத்துக்கு நாலு. குறைத்த ஒன்று எதற்கென்றால், பின்தங்கியதும் அடுப்பைக் கூட்டிவிடுகிறார். கல் அதிகம் காய்ந்தால் மாவு ஊற்றிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், பரவாது. மேலே கரும்புள்ளி, உள்ளே வேகாத மாவு. நாலில் ஒன்று வாளிக்குப் போகிறது. அவசரப்பட்டு நேரத்தையும் சேர்த்து இழக்கிறார்.

வீணாவதை ஒரே வாளியில் போட்டு எடை போட்டால் யார் தவறு என்றே தெரியாது. ஒரு வாரம் மூன்று வாளி வைத்தேன்: கல்லிலேயே கெட்ட தோசை, சாப்பிட வந்தவர் திருப்பி அனுப்பியது, இரவு மூடும்போது மிஞ்சியது. சாப்பிட்டுத் தட்டில் மீதம் விட்டதை அவர் கணக்கில் சேர்க்கவே கூடாது. கல்லில் கெட்டது ஒரு நாளைக்கு இரண்டு கிலோவுக்குப் பக்கம். அதில் பெரும்பங்கு காலை முதல் இருபது நிமிஷத்தில், கல் பழகாமல் ஒட்டும்போது போனது. மிச்சம் ஞாயிறு நெருக்கடியில். திரும்பி வந்தது கொஞ்சம்தான், அதுவும் சாயங்காலத்துத் தடித்த தோசைகள். மிஞ்சியதில் அதிகம் மசாலா, செவ்வாய்க்கிழமைகளில் மூன்று கிலோ வரை. ஆனால் எவ்வளவு உருளைக்கிழங்கு வேக வைப்பது என்று கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்த மூன்று கிலோவை என் பெயரில் எழுதினேன். அவருக்கு மூன்று மார்க்.

இந்தக் கட்டத்தில் தயவுசெய்து அபராதம் மட்டும் வைக்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிச்சனில் கெட்ட தோசைக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஒரே வாரத்தில் வாளி காலியானது. கருகிய பக்கத்தை உள்ளே மடித்து மேஜைக்கு அனுப்பினார்கள், முந்தின நாள் மசாலா புது மசாலாவுக்கு அடியில் போனது. கணக்கில் வேஸ்டேஜ் குறைந்தது, வயிற்றுப் புகார் கூடியது.

பேசும் நாளில் அவரை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடவில்லை. மூன்று மணிக்கு, கல் ஆறியிருக்கும்போது, அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். ஃபார்மைப் படித்துக் காட்டியதும் அவர் முதலில் கேட்டது மார்க்கைப் பற்றி இல்லை.

"சர்வர் பசங்க சொன்னத வச்சு எழுதினீங்களா தம்பி, நீங்களே பாத்ததா?"

"நானே நின்னு பாத்தது மாஸ்டர். தேதி, மணி எல்லாம் இருக்கு." நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன்.

சாயங்கால எடைகளை விரல் வைத்துப் படித்தார். சுத்தத்துக்கு இரண்டு என்பதில் முகம் வாடியது. அந்த நேரம் நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மசாலாப் பாத்திரத்தில் தெர்மாமீட்டரை அவரையே குத்தச் சொன்னேன். 38 காட்டியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சின்னச் சின்ன டப்பாவா மூடியோட கொடுங்க, காயாம நான் பாத்துக்கறேன்" என்றார்.

இரண்டு கிலோ பிடிக்கும் மூடி போட்ட நாலு பாத்திரம் வாங்கினோம். ஒன்று கல்லடியில், மற்றவை வெந்நீர்த் தொட்டியில். கல்லுக்கு ஒரு நிறத் துணி, தட்டுக்கு வேறு நிறம், கைக்குத் துணியே கிடையாது, தண்ணீர்தான். மாவுப் பாத்திரத்தை ஐந்து மணிக்கு வெளியே எடுத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, கரண்டியில் இருந்து நாடா போல விழுகிறதா என்று பார்ப்பது அட்டையில் ஏறியது. செவ்வாய்க்கு உருளைக்கிழங்கைக் குறைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது மசாலா 64 டிகிரி. சாயங்காலத் தோசை 88-க்கும் 96-க்கும் நடுவில். சுத்தத்தை நாலாக மாற்றி மதிப்பீட்டை முடித்தேன். காலை முதல் இருபது நிமிஷத்து ஒட்டல் மட்டும் இன்னும் தீரவில்லை. கல்லை கால் மணி நேரம் முன்னதாகவே மிதமான தீயில் காய வைத்து, வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறோம். இந்த வாரம் வாளியில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.